மரியாதையாக வந்த கோபம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பித்தளை ஃபிட்டிங் செய்யும் சின்ன கம்பெனியில் எனக்கு முதல் வேலை. தொண்ணூறுகளின் கடைசி, கம்பெனிக்கு இமெயில் வந்த புதிது. கடிதங்களும் மெயில்களும் என் பொறுப்பு. டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தபடி, 'பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன்' என்று ஆங்கிலத்தில் குனிந்து குனிந்து எழுதித்தான் அந்த வேலையையே வாங்கியிருந்தேன். அந்தக் குனிவு முதலாளிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதலாளி லேத் ஓட்டி மேலே வந்தவர். வாங்குவதற்கு 'பை' என்று நான் டைப் அடித்தால் அழிக்கச் சொல்வார். "மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்குறது பை. கம்பெனி வாங்குனா பர்சேஸ். மர்வாதியா எய்தும்மா." நாங்கள் எதையும் கேட்டதில்லை, கோரினோம். எதையும் ஆரம்பித்ததில்லை, 'கமென்ஸ்' செய்தோம்.

எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் வாங்கியவர் ஒரு இங்கிலாந்துக்காரர். அவர் 'ஹாய்' என்று தொடங்கி, 'இன்னும் ஒரு லாட் பை பண்ணலாம் என்று இருக்கிறேன், அங்கே மழை எப்படி?' என்று முடிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். முதலாளிக்கு அது உறுத்தல். "இன்னாம்மா இது, ஹாய்னுகினு. நானு இன்னா அவுரோட கோலி ஆடுனவனா?" என்பார்.

ஒருநாள் அதே தோரணையில் ஒரு மெயில். போன லாட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது, ஃபிட்டிங்கின் திருகு மரையில் பிசிறு தெரிகிறது, முடிந்தால் ஒரு பார்வை பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தார். முதலாளி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "முடிஞ்சா பாருன்றாரு. அப்ப அவசரம் இல்ல," என்றார். தங்கள் மேலான கடிதம் கிடைக்கப் பெற்றோம், 'நீட்ஃபுல்', அதாவது ஆவன, செய்யப்படும் என்று பதில் போனது. நீட்ஃபுல்லை யாரும் செய்யவில்லை. அடுத்த லாட்டும் அதே பிசிறோடு கப்பல் ஏறியது.

அதற்கு வந்த பதிலில் ஹாய் இல்லை. 'டியர் சர்' இருந்தது. மழை பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்களிடமிருந்து மேற்கொண்டு 'பர்சேஸ்' செய்வது குறித்து மறுபரிசீலனை செய்ய வேண்டிய நிலைக்கு வருந்துகிறோம் என்று ஒவ்வொரு வாக்கியமும் இஸ்திரி போட்டு நின்றது. முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, பர்சேஸ்னு எய்திக்கீறாரு. இப்பதாம்மா நம்மள கம்பெனியா மதிக்கிறாரு."

நான் அதை இன்னொரு தரம் படித்தேன். எங்கள் வீட்டில் அம்மா என்னை வாடி போடி என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். "சாப்பிட வர்றீங்களா?" என்று கேட்டால் அன்றைக்கு வீடு தாங்காது. அந்த மெயில் முழுக்க அம்மாவின் 'வர்றீங்களா'தான்.

"சார், இது மரியாதை இல்ல. கோபம்," என்றேன். "ஆர்டரை நிறுத்தப் போறாரு."

அவர் நம்பவில்லை. மெயிலை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 'மறுபரிசீலனை' வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆர்டர் போனால் இரண்டு லேத் நின்றுவிடும், அதில் நிற்பவர்களும் என்னைப் போன்றவர்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. தன்னை மதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

"மெயில் வேணாம் சார். போன் பண்ணிப் பேசிடுங்க," என்றேன். மத்தியானம் தாண்டி, அங்கே ஆபீஸ் திறக்கும் நேரம் பார்த்து ஐஎஸ்டி போட்டுக் கொடுத்தேன். பேச வேண்டியதை என்னிடமே டைப் அடித்து வாங்கியிருந்தார். 'வி டீப்லி ரிக்ரெட்' வரைக்கும் படித்தார். தாளை மேசையில் வைத்தார்.

"சார், மை மிஸ்டேக். பீஸ் பேட். ஐ கிவ் நியூ பீஸ், நோ மணி."

அந்தப் பக்கம் இங்கிலாந்துக்காரர் ஏதோ சொன்னார். முதலாளி ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "தப்புன்னு அப்பவே சொல்லிர்க்கலாமேன்றாரும்மா. இவுரு அப்பவே திட்டிர்க்கலாமில்ல? நா சொல்லிர்ப்பேனே."

"அதையே சொல்லுங்க சார்."

கொஞ்சம் தயங்கினார். பிறகு, "சார், யூ ரைட் ஸோ நைஸ். ஐ திங்க், நோ ப்ராப்ளம்," என்றார்.

அதன்பின் முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். லேத் சத்தத்தில் எனக்கு அந்தப் பக்கக் குரல் விழவில்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். மறுபடி ரிசீவரைப் பொத்தினார்.

"புச்சா அனுப்ப எத்தினி நாளு வோணும்னு கேக்குறாரும்மா," என்றார்.