மார்ச் கடைசியில் வந்த வரவு

ஏப்ரல் மாத ஆடிட் என்றால் மார்ச்சோடு முடிந்த வருஷக் கணக்கைச் சரிபார்ப்பது. அந்த வருஷம் வடக்கே ஜனக்புரியில் ஒரு வங்கிக் கிளைக்கு நான்தான் ஆடிட்டர். கிளை மேலாளர் திருநெல்வேலிக்காரர். சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறவர்.

வாராக்கடன் பட்டியலில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி இல்லாதது என்னை உறுத்தியது. கணக்கைப் புரட்டினேன். அக்டோபரிலிருந்து தவணையே கட்டவில்லை. தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன்தான். ஆனால் மார்ச் முப்பதாம் தேதி ஒரே வரவில் பாக்கி முழுவதும் தீர்ந்திருந்தது. கடைசி நேரத்தில் வரும் பணம் யாருடையது என்று பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

"இந்த வரவோட வவுச்சரைக் குடுங்க."

"முதல்ல டீ சாப்பிடுங்க சார். பையா, ஜல்தி!" மேலாளர் டீக்காரரை இந்தியில் அவசரப்படுத்தினார்.

வவுச்சர் வந்தது. பணம் போயிருந்தது மேலாளரின் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க கட்டினா கம்பெனி கட்டினதா ஆயிடுமா? ஃபேக்டரி பூட்டிக் கிடக்குன்னு உங்க ஃபைல்லயே இருக்கு!"

"நான் குடுத்த லோன் சார். பென்ஷன்ல கை வச்சிருவாங்களோன்னு பயம். ஏப்ரல்ல திருப்பித் தாரேன்னு கம்பெனி முதலாளி சொன்னான்."

கடனை வாராக்கடனாக மாற்றி, பணம் திரும்பாமல் போனால் ஈடுகட்ட லாபத்திலிருந்து பத்து சதவீதம் நஷ்ட ஒதுக்கீடு வைக்கவும், வசூலாகாத வட்டியை வருமானத்திலிருந்து எடுக்கவும் எழுதினேன். எழுதியதை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் அதை நிதானமாகப் படித்தார்.

"பேங்குக்கு ஒதுக்கீடு போட்டுட்டீங்க. என் பணத்துக்கு, சார்?"