புளித்தது, பொங்கவில்லை

நெய்வேலியில் ரஷ்யாக்காரர்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் நான் மாவு பிசைந்தேன். காண்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இல்லாவிட்டால் டவுன்ஷிப்புக்கு வெளியே தகரக் கொட்டகைதான். இருமலில் படுத்த என் வீட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. தகரத்தின் கீழே இன்னொரு கோடையை அவர் தாங்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

என் வேலையின் உயிர் ஒரு கண்ணாடி ஜாடியில் இருந்தது. தயிருக்கு உறை மாதிரி, அவர்களுடைய கறுப்பு ரொட்டிக்கு அதுதான் உறை. ஓர் இஞ்சினியரின் மனைவி அவள் ஊரிலிருந்து கொண்டுவந்தது. தினம் கொஞ்சம் எடுத்துவிட்டு, புது மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். வடக்குப் பக்க ஸ்டோர் ரூமில், வெட்டிவேர்த் தட்டிக்குப் பின்னால் அதை வைத்திருந்தோம். கோடையில், காலையில் மாவு கொடுத்தால் மத்தியானம் இரண்டு பங்காகப் பொங்கி நிற்கும். மார்கழியில் அதே இடத்தில் சாயங்காலம் வரை சோம்பிக் கிடக்கும். இத்தனைக்கும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம்.

சித்திரையில் ஒரு விருந்து வந்தது. மெஸ் சூப்பிரண்டு திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சோடாப் பெட்டிகளையும் ஐஸ் பெட்டியையும் ஸ்டோரில் அடுக்கி, பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஜாடியை எடுத்து அடுப்புச் சுவரையொட்டிய பலகையில் வைத்தார்.

"சார், அங்க வாணாங்க. அனல் அடிக்குது."

"மாவு தானம்மா? சூட்டுல வச்சா சீக்கிரம் புளிக்கும். எங்க வீட்டுல குளிர்காலத்துல இட்லி மாவ அடுப்புக்கிட்டதான் வைப்பா."

"இது இட்லி மாவு இல்லீங்க."

"நீ பெரிய ரஷ்யாக்காரி! விருந்துல ரொட்டி நல்லா வரட்டும், உன் பேரை பர்மனென்டுக்கு மேல அனுப்புதேன். போ, போய் வேலையப் பாரு."

ஜாடியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். தரை நனைகிறது என்று அதையும் அவிழ்த்துப் போட்டார்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறியது. மேலே சாம்பல் நிறத் தண்ணீர். அடியில் கூழ். குமிழி ஒன்றிரண்டுதான். பொங்கிய அடையாளமே ஜாடியில் இல்லை. சூப்பிரண்டு குனிந்து மோந்து பார்த்தார்.

"புளிச்சிட்டுல்லா? அப்புறம் என்ன?"

"புளிச்சிருக்குதுங்க. பொங்கலீங்களே."

"எல்லாம் ஒண்ணுதான். பிசை."

ஒன்றில்லை. அந்த ஜாடியில் பொங்கவைப்பது ஒன்று, புளிக்கவைப்பது வேறொன்று. இதமான சூட்டில் இரண்டும் சேர்ந்து நடக்கும். சூடு அதற்கு மேலே போனால் பொங்கவைப்பது சோர்ந்து விழும், புளிக்கவைப்பது மட்டும் தறிகெட்டு ஓடும். இட்லி மாவு புளித்தாலே பொங்கியிருக்கும், அதனால் நமக்குப் பொங்குவதற்கும் புளிப்பதற்கும் ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்னைப் பிசையச் சொன்னார். பிசைந்தேன். மாவு கையில் நிற்காமல் வழிந்தது.

ரொட்டி செங்கல்லாக வந்தது. அறுத்தால் நடுவில் களி. விருந்தில் யாரும் இரண்டாவது வாய் வைக்கவில்லை.

இஞ்சினியரின் மனைவி நேராகச் சமையலறைக்குள் வந்தாள், பின்னாலேயே மொழிபெயர்ப்பாளரும் சூப்பிரண்டும். ஜாடியை மோந்தாள். பலகையைத் தொட்டாள். கைப்பையிலிருந்து, மாவுக்கென்றே வைத்திருக்கும் தெர்மாமீட்டரை எடுத்துப் பலகையில் வைத்து, காத்திருந்து பார்த்தாள். முப்பத்தெட்டு டிகிரி. அதை விரலால் தட்டிக் காட்டி, அடுப்புச் சுவரைக் காட்டி, வேகவேகமாக ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் எதைச் சொல்கிறாள் என்பது புரிந்தது.

"மாவு ரொம்பப் புளிச்சிடுச்சாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

சூப்பிரண்டு என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? ரொம்ப நேரம் ஊற விட்டிருக்க. நேத்தே எடுத்திருக்கணும்லா?"

"சார், அந்தம்மா சூட்டத்தானே சொல்றாங்க! சுவத்தக் காட்டுனாங்க, பாத்துக்கினுதானே இருந்தீங்க? சூடுன்னு சொல்லுங்க சார்!"

மொழிபெயர்ப்பாளர் சூப்பிரண்டின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கே பாஷை கத்துக்குடுக்கிறியாம்மா?" என்று சிரித்தார்.

அந்தம்மா எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

"நாளையிலேர்ந்து வராண்டாம்," என்றார் சூப்பிரண்டு. "பர்மனென்டு கேக்க மூஞ்சியப் பாரு."

உச்சி வெயிலில் நடந்து கொட்டகைக்கு வந்தேன். உள்ளே வெளியைவிடச் சூடு. வீட்டுக்காரர் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வூடு எப்பக் குடுக்கிறாங்களாம்?"

"குடுப்பாங்க. பேசாம படுங்க."

கத்திரி இன்னும் பிறக்கக்கூட இல்லை.