ஸ்டார் விழும் வரை

சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் போகிற சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் எண்களை சாஃப்ட்வேரில் போட்டு அட்டவணையாக்கித் தருவதுதான் என் வேலை. புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்தவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை என்று அன்று எரிச்சலாக இருந்தேன். இன்று நினைத்தால் அந்த நாட்களைப் போல் வராது என்று தோன்றுகிறது.

அதற்குக் காரணம் ஒரு அக்கா. கடலூரில் நர்சிங் கல்லூரி ஆசிரியை. முதுநகரிலிருந்து ரயில் ஏறி வருவார். பையில் ஆய்வுத் தாள்களோடு ஒரு டப்பா சுறாப்புட்டும் இருக்கும். “மொதல்ல சாப்புடு, அப்புறம் கணக்கு” என்பார். கீபோர்டில் சிந்தாமல் தின்ன எனக்குத் தெரியாது. திட்டிக்கொண்டே துடைப்பார்.

அக்காவின் முனைவர் பட்ட ஆய்வு இதுதான்: படுக்கப்போகும் முன் வெந்நீரில் கால் வைத்தால் முதியவர்கள் நன்றாகத் தூங்குகிறார்களா? சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை வெந்நீருக்கு எடுத்திருந்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருந்தார். ஒரு கணக்கும் பொய்யில்லை. ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் தூக்கத்தில் வித்தியாசம் வரவில்லை.

வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய வாய்ப்பைச் சொல்லும் p மதிப்பு 0.05-க்குக் கீழே, அதாவது இருபதில் ஒன்றுக்கும் கீழே வந்தால் அட்டவணையில் அந்த எண்ணின் தலையில் ஒரு ஸ்டார் போடுவோம். ஸ்டார் இல்லாத ஆய்வேட்டில் வழிகாட்டி கையெழுத்துப் போட மாட்டார். அக்காவுக்கு அதுதான் கடைசி நீட்டிப்பு. தவறினால் பதிவே ரத்து, அத்தனை வருஷமும் வீண்.

“பிரிச்சுப் பாரேன்” என்றார் அக்கா.

பிரித்தோம். ஆண்கள் தனி, பெண்கள் தனி. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், தாண்டாதவர்கள். சைவம், அசைவம். சர்க்கரை உள்ளவர், இல்லாதவர். தனிக்குடித்தனம், கூட்டுக்குடும்பம். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து. பழியாகக் கிடந்தோம். ஒவ்வொரு முறை ஸ்டார் வராதபோதும் “போடா” என்று கம்ப்யூட்டரை வைவார். எனக்குச் சிரிப்பு அடங்காது. அப்படிச் சிரித்த மதியங்கள் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

கடைசியில் ஒன்று விழுந்தது: அறுபத்தைந்தைத் தாண்டிய, கூட்டுக்குடும்பத்துப் பெண்கள். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார்.

எனக்குத்தான் குறும்பு சும்மா இருக்காதே. வரிசை எண் ஒற்றைப்படையாக உள்ளவர்களை மட்டும் எடுத்து ஓட்டினேன். அதற்கும் ஸ்டார். “பாருங்கக்கா, ஒத்தப்படை நம்பர்காரங்களுக்கு வெந்நீர் ஜாஸ்தி வேல செய்யுது” என்றேன். சும்மா எதையாவது பிரித்துக்கொண்டே போனால் இருபதுக்கு ஒன்று தற்செயலாகவே விழும். அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவர் சிரிக்கவில்லை.

“அத அழிச்சுடு” என்றார். அழித்தேன்.

மற்றதை வைத்துக்கொண்டோம். அந்தப் பெண்கள் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறார்கள், அதனால் கால் ஓய்ந்துபோகிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்தோம். ஆரம்பத்திலேயே அப்படி எதிர்பார்த்த மாதிரி முதல் அத்தியாயத்தில் எழுதினோம். அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது.

போன மாதம் அக்காவின் கல்லூரி மாணவி ஒருத்தி, நான் இன்னும் இருக்கும் அதே கடைக்கு வந்தாள். அதே வயதில் கூட்டுக்குடும்பத்துப் பாட்டிகளை மட்டுமே, அக்காவைவிட நிறையப் பேரைத் தேடிப் பிடித்து, அவர்களில் பாதிப் பேரை வெந்நீரில் கால் வைக்கச் செய்திருக்கிறாள். ஒரே ஒரு கணக்குத்தான். ஓட்டினேன். வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க மேடத்துக்கு வந்துச்சே அக்கா. நாந்தான் எங்கயோ சொதப்பிட்டேன். அவுங்க மூஞ்சில எப்புடி முழிப்பேன்? படிப்ப வுட்டுட்டுப் போறேன்.”

அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். “போன அந்தப் பொண்ணுகிட்ட குடு” என்றார்.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். “சரிங்க மேடம்” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒன்னோடதுதான் சரி, அப்புடியே எழுதுன்னாங்க. அவுங்களோடது பிரிச்சுப் பிரிச்சுப் பாத்து எடுத்ததுன்னும் எழுதச் சொன்னாங்க, அவுங்க பேரப் போட்டே.” மூக்கை உறிஞ்சிவிட்டு நோட்டைத் திறந்தாள். “மொத்தம் எத்தன வாட்டி பிரிச்சுப் பாத்தீங்க? அதப் போடணும்ல அக்கா? மேடம் ஒங்களுக்குத்தான் தெரியும்னாங்க.”

பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குத் தெரியாது. நாங்கள் எண்ணவே இல்லை.