மூன்றில் ஒரு பங்கு கழிவு

என் தங்கை நாகூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் ரயில்வேயில் பொறியாளர். அவர் மவுத்தானது எண்பத்தொன்பதின் தொடக்கத்தில். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா முடியும்வரை அவள் வெளியே போகமுடியாது. பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுப்பாள், அவருடைய தம்பி வங்கிக்குப் போய்வருவார். இத்தா முடிந்த பிறகும் வங்கிப் புத்தகம் அவரிடமே தங்கிவிட்டது.

இலங்கையில், கல்முனையிலிருந்து அண்ணன் நான் போனபோது அவள் கேட்டாள்: "காக்கா, இந்த நாட்டில கைம்பெண்ட காசில மூண்டில ஒண்ட அரசாங்கம் எடுக்குமாமே?"

மாதம் இரண்டாயிரம் வரவேண்டிய குடும்ப ஓய்வூதியத்தில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்தான் அவள் கைக்கு வந்திருந்தது. ஏழு மாதமாக அப்படித்தான்.

தம்பிக்காரரிடம் கேட்டேன். செய்தித்தாள் துண்டு ஒன்றை என் மடியில் எறிந்தார். "அரசாங்கம் எடுத்தது. மூணுல ஒரு பங்கு கழிவுன்னு போட்டிருக்கு, படிங்க. இலங்கையில எழுத்து வேற மாதிரியா இருக்கு?"

"எழுத்து ஒண்டுதான். அப்ப நாளைக்கு வரி ஒபிசுக்குப் போய்க் கேப்பம், வாங்க."

"மச்சானுக்கு என் மேல சந்தேகம் போல."

"ஓம்."

மறுநாள் நாங்கள் மூவரும் நாகப்பட்டினத்து வருமானவரி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் துண்டை வாங்கிப் பார்த்தார், எரிச்சலோடு பேசினார்.

"இது இந்த வருசம்தான் புதுசா வந்திருக்கு. அம்மா வேலை பார்த்து வாங்கற சம்பளம் இல்ல இது, அதனால பிற வருமானத்துல காட்டணும். மூணுல ஒரு பங்கு, இல்லன்னா பன்னிரண்டாயிரம், எது குறைச்சலோ அதை மொத்தத்துல கழிச்சுட்டு மீதிக்குத்தான் வரி பார்ப்போம். வருசத்துக்கு எவ்வளவு?"

"இருபத்துநாலாயிரம்" என்றேன்.

"எட்டாயிரம் போச்சுன்னா பதினாறாயிரம். பதினெட்டாயிரம் வரைக்கும் வரியே கிடையாது. வேற வருமானம் உண்டா?"

"இல்ல" என்றாள் தங்கை.

"அப்ப ஒரு பைசா கட்டவேண்டாம். கழிக்கறது எங்க கணக்குலம்மா, உங்க கையில இல்ல. யாரு எடுத்தா?"

தம்பிக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "வரி வந்தா கட்டணுமேன்னு எடுத்து வச்சேன். தப்பா விளங்கிக்கிட்டேன்."

"எங்க வச்சீங்க?" என்றேன். "நாலாயிரத்து அறுநூற்றுக்கு மேல இருக்கணும்."

"ஊரைக் கூட்டாதீங்க மச்சான். தர்றேன்."

"நேற்று அரசாங்கம் எடுத்தது எண்டீங்களே?"

எழுத்தர் வாசலைக் காட்டினார். "சண்டையை வெளியே போய்ப் போடுங்க."

தங்கை எழுந்தாள். கொழுந்தன் முன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே பேசுகிறவள், அன்று இழுத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டினாள்.

"புத்தகத்தத் தாங்க."

"வீட்டுல தர்றேன் மச்சி."

"இஞ்ச தாங்க. அரசாங்கமே எண்ட காசில கை வைக்கல்ல. நீங்க ஆரு?"

மூன்று மேசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் போட்டார். அவள் எடுத்துக்கொண்டாள். வங்கி எந்தத் தெருவில் இருக்கிறதென்று அவரிடம் கேட்காமல், எழுத்தரிடம் கேட்டாள்.