தூங்குமூஞ்சி என்று சொன்னது நான்தான்

தூங்குமூஞ்சி, கரிச்சட்டி, ஓ.எல். பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்ட மரமண்டை. எல்லாம் எனக்கு நானே வைத்துக்கொண்ட பட்டங்கள். அதை எங்கேயும் மறுக்கமாட்டேன்.

லிந்துலைப் பக்கம் எங்கள் மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லாருமே இப்படித்தான் பேசுவோம். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி தன்னை இறக்கிச் சொன்னால், பக்கத்துச் செடி நிரையில் நிற்பவள் "போடி, நீயா?" என்று தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் தன்னை அதைவிட மட்டமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். "ஆமா" என்று மட்டும் சொல்லக்கூடாது. நிஜமாகவே வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவள் தன்னைச் சோம்பேறி என்று சொல்லமாட்டாள். சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராதே. கூடை நிறைந்தவளுக்குத்தான் அது விளையாட்டு. அதே வார்த்தையை அடுத்தவள் நம்மைப் பார்த்துச் சொன்னால் சண்டைதான்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்காரிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். பத்து வருஷமாக அவள்தான் என் பக்கத்து நிரை. நான் தூங்குமூஞ்சி என்றால், "நான் மட்டும் என்னவாம், சரியான பன்னாட" என்பாள். இருவரும் சிரித்துக்கொண்டே மலையேறுவோம்.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை என்றார்கள். இருவருமே மனுப் போட்டோம். என் முழங்கால் மலையேற மறுத்த நேரம் அது. அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கில்லை. இரவில் தைலம் தேய்த்துவிட்டவளே அவள்தான்.

நேர்முகத்துக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த மிஸ், என் முன்னால் போனை வைத்து ஒரு குரல் பதிவைப் போட்டார்.

"அடியே, இன்னும் எந்திரிக்கலடி. இந்தத் தூங்குமூஞ்சிகிட்ட புள்ளைங்கள குடுத்தா, அதுங்கதான் என்னையத் தாலாட்டணும்."

மனுப் போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுத்த வீட்டுக்காரிக்கு, அவளுக்கு மட்டும், அனுப்பியது.

"உங்க குரல்தானே?"

"சிரிப்புக்குச் சொன்னது மிஸ்."

"சொன்னது நீங்கதானே?"

"நான்தான் மிஸ்."

வேலை அவளுக்குக் கிடைத்தது. அன்றைக்கே அவள் வாசலில் போய் நின்றேன். "மிஸ்கிட்ட ஏன்டி அதக் குடுத்த?" என்றேன்.

"நான் ஒன்னும் இட்டுக்கட்டலயே. நீ சொன்னதத்தானே அப்புடியே அனுப்புனேன்" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். என்னை யாராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு இன்னும் மலையேறுகிறேன். போன வாரம் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நாலைந்து பேர் நின்றோம். அவளும் வந்தாள். என்னிடம் பழையபடி பேச்சுக்கொடுக்க நினைத்தாளோ என்னவோ.

"ஒரு புள்ளையத் தூங்கவைக்கத் தெரியல. என்னைய மாதிரி ஒரு பன்னாட இந்தத் தோட்டத்துல உண்டா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லாரும் என் "போடி"க்காகக் காத்திருந்தார்கள்.

"ஆமா" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.