நாலு கேட்டு ரெண்டு வாங்குவது

அம்பத்தூர் எஸ்டேட்டில் விலையை ஏற்றிக் கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. தேவைப்படுவதைப்போல் இரண்டு மடங்கு கேட்க வேண்டும். வாங்குகிற ஆள் முகத்தைச் சுருக்கி, முடியாது என்று சொல்ல வேண்டும். அப்புறம் டீ வரும். டீ ஆறுவதற்குள் பாதியில் வந்து நிற்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நான் வேலை பார்ப்பது கார் சீட்டுகளுக்கு இரும்பு பிராக்கெட் அடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில். பர்ச்சேஸ் என் பொறுப்பு. அடித்த சாமான் துருப்பிடிக்காமல் இருக்க, திருமுல்லைவாயிலில் ஒரு பிளேட்டிங் கடைக்கு அனுப்பி ஜிங்க் பூச்சு போட்டு வாங்குவோம். கூலி கிலோ கணக்கு. அந்தக் கடைக்காரரை நான் அண்ணே என்பேன். அவர் என்னை மேடம் என்பார். ஆனால் அவர் வாயில் அந்த மேடத்துக்குப் பெரிய மரியாதை எதுவும் இருக்காது.

"இன்னா மேடம், ஜிங்க் வெல ஏறிப்போச்சு, கரண்ட் பில்லு ஏறிப்போச்சு, ஆசிட் வெல ஏறிப்போச்சு. ஒங்க ரேட்டு மட்டும் அப்டியே குந்திகினு கீது. கிலோவுக்கு நாலு ரூபா போட்டுக் குடு. இல்லாங்காட்டி கடைய மூடிட்டு ஊட்டாண்ட போய்ப் படுத்துக்கிறேன்."

"போய்ப் படுங்க அண்ணே. ரெண்டு ரூபாய்க்கு மேல பேச்சே கிடையாது."

"சரி, ஒங்க மொகத்துக்காவ."

கடையை மூடுகிறேன் என்று அவர் சொல்லாத வருஷம் கிடையாது. ஒருமுறைகூட மூடியதில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனார். அயனம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று நான் அழுத அழுகையைப் பார்த்து, சொந்தக்காரி என்றே பலர் நினைத்தார்கள்.

கடையை அண்ணி எடுத்துக்கொண்டார். அதுவரை ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் வந்துபோனவர். வேலையாட்கள் நாலு பேரும் பழைய ஆட்கள், பூச்சுத் தொட்டி வேலை அவர்களுக்கு அத்துப்படி. சாமான் எப்போதும்போல் சரியான நேரத்துக்குப் பளபளவென்று வந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். சில மாதம் கழித்து வாட்ஸப்பில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஜிங்க் விலை ஏறிவிட்டது, கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்.

இரண்டு என்றால் ஒன்று என்று என் மண்டை தானாகக் கணக்குப் போட்டது. அண்ணன் ஒருநாளும் இவ்வளவு குறைவாகக் கேட்டதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எங்களிடம் பிராக்கெட் வாங்குகிற பெரிய கம்பெனி இந்தக் காலாண்டு முடிகிறவரை எங்களுக்கு விலை ஏற்றித் தராது. ஆகவே உடனே சரி என்று சொல்லவும் வழியில்லை. இல்லை என்ற சொல்லே வராமல் இல்லை என்று சொல்வதுதான் என் பிழைப்பு. உட்கார்ந்து பதில் எழுதினேன்.

"வணக்கம் அண்ணி. உங்கள் கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது. உங்கள் வேலையின் தரத்தில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. எங்களுக்கு விலை திருத்தம் வராததால் இப்போதைக்குப் பழைய ரேட்டிலேயே தொடர வேண்டுகிறோம். ஜிங்க், கரண்ட், கூலி எதில் எவ்வளவு ஏறியது என்று பிரித்து அனுப்பினால் வசதியாக இருக்கும். காலாண்டு முடிந்ததும் கட்டாயம் பேசலாம்."

கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைதான். அவர் போன் செய்வார், புலம்புவார், ஒரு ரூபாயில் முடிப்போம் என்று காத்திருந்தேன். "சரிங்க மேடம். நன்றி" என்று வந்தது. அவ்வளவுதான். மறுபடி ஒரு வார்த்தை இல்லை.

மாசக் கடைசியில் பூச்சு போட்ட சாமானோடு குட்டி யானை வண்டி வந்தது. கூடவே எங்களுடைய நீலக் கிரேட்டுகள் மொத்தமும் இறங்கின. சாமான் போக வர என்று பாதிக் கிரேட்டுகள் எப்போதும் அவர்கள் கடையிலேயே கிடக்கும். கணக்கு முடிக்கிறவர்கள்தான் திருப்பி அனுப்புவார்கள். அதுவும் சோப்புப் போட்டுக் கழுவி அனுப்பியிருந்தார் அண்ணி.

"இன்னாப்பா இது?" என்றேன்.

"தெர்லீங்களா மேடம்? அண்ணி கடைய மூடுறாங்கோ. தொட்டியெல்லாம் வாங்கிக்க ஆள் பாத்தாச்சு" என்றார் டிரைவர்.

முதலாளி அறைக்குப் போனேன். வேறு கடைக்கு மாறினால் புதிதாகச் சாம்பிள் போட்டு, அந்தப் பெரிய கம்பெனியிடம் ஒப்புதல் வாங்கி முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் நான் பதறிக்கொண்டிருந்தது அதற்காக இல்லை, அண்ணன் கடை மூடுகிறதே என்பதற்காக. இப்போது ஒரு ரூபாய், எங்களுக்கு விலை வந்ததும் இன்னொரு ரூபாய், நாற்பத்தைந்து நாளில் தருகிற பணத்தைப் பதினைந்து நாளில் தருவது, இதற்கெல்லாம் அவரைத் தலையாட்ட வைத்துவிட்டு நேரே திருமுல்லைவாயிலுக்குப் போனேன்.

கடையில் தொட்டிகள் காலியாகிக்கொண்டிருந்தன. அண்ணனின் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் அண்ணி. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"ஏன் அண்ணி, எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"நீங்கதான் முடியாதுன்னுட்டீங்களே மேடம். அவ்ளோ மரியாதையா எழுதியிருந்தீங்கோ. திரும்பவும் கேட்டா நல்லாவா இருக்கும்? ஒங்களுக்கும் அவருக்கும் இருந்த பழக்கத்த நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"நான் முடியாதுன்னு சொல்லல அண்ணி. பேசலாம்னுதானே சொன்னேன். அண்ணன் நாலு கேப்பாரு, நான் முடியாதும்பேன், ரெண்டுல நிப்போம். எப்பவும் அப்படித்தான்."

அண்ணி என்னை நம்பாமல் பார்த்தார். "அப்போ வேண்டியத மட்டும் கேக்கக்கூடாதா? ரெண்டு ரூபா இல்லாங்காட்டி கைய கடிக்குதுன்னுதான் ரெண்டு கேட்டேன்."

கொண்டுவந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜிங்க் விலை இறங்கினால் ரேட்டும் இறங்கும் என்று முதலாளி போட்ட நிபந்தனையையும் மறைக்கவில்லை. அண்ணி தொட்டியருகே நின்ற ஆளிடம் டீ சொல்லிவிட்டு, அண்ணனின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இருங்கோ மேடம். மொறையா கேக்கிறேன். கிலோவுக்கு நாலு ரூபா குடுங்கோ."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "முடியாது அண்ணி. ஒரு ரூபாய்."

"மூணு."

"இப்போ ஒண்ணு. காலாண்டு முடிஞ்சதும் இன்னொண்ணு. பதினஞ்சு நாள்ல பணம்."

"சரி" என்றார். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒங்க மொகத்துக்காவன்னு சொல்லுவாரு" என்றேன்.

அதை அவர் சொல்லவில்லை. டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தொட்டிகளைப் பார்த்தபடி இருந்தார்.

"இங்க இப்டியெல்லாம் பேரம் பேசுவாரா?" என்று கேட்டார். "ஊட்ல நான் இன்னா கேட்டாலும், எவ்ளோ கேட்டாலும், அப்டியே எடுத்துக் குடுத்துடுவாரு மேடம். அதான் எனக்குக் கேக்கத் தெர்ல."