பெரட்டுத் தப்பும் எட்டாம் இடமும்

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்த அந்த ஜோசியர், ஜாதகத்தைத் தொடும் முன் மூக்குக்கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். எட்டில் செவ்வாய், பன்னிரண்டில் சுக்கிரன், இவள் புருஷனோடு தங்கமாட்டாள் என்று வேறொரு ஜோசியர் சொன்னதை நம்பி, மாமியார் என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மூட்டை கட்டியிருந்தார்.

“தாயி, பொறந்த நேரத்த எப்படிக் குறிச்சாங்க?”

“பெரட்டுக்குத் தப்பு அடிச்சப்பங்க. காலைல ஆறு மணி” என்றேன். வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்கு அடிக்கிற பறைதான் தப்பு.

“ஆளுங்க சீக்கிரம் வரணும்னு தொரை கடிகாரத்த ஒரு மணி கூட்டி வச்சிருப்பாரு. நெசத்துல அஞ்சுதான். லக்கினம் முந்தின ராசியாயிருந்தா, செவ்வாய் ஒம்பதுல, சுக்கிரன் லக்கினத்துலயே நிக்கும்.”

“அப்ப சேந்து வாழ்வாங்களா?” என்றார் மாமியார்.

“அதையும் சொல்லமாட்டேங்க. ஏழாம் அதிபதியப் பாக்கணும், ஒங்க மகன் ஜாதகமும் வேணும். அவரு எப்பப் பொறந்தாரு?”

மாமியார் என்னைப் பார்த்தார். “அவனும் தப்பு அடிச்சப்பத்தான். அதே கடிகாரந்தான்.”

சொல்லிவிட்டு மூட்டையை அவிழ்த்தார். நானும் என் புருஷனும் நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். நல்ல வாக்கு ஒன்றுகூடச் சொல்லாமல் போன அந்த மனிதரைத்தான் இன்றும் நினைக்கிறேன்.